இடக்கை மட்டும் போதும்: பாம்பனில் ஒரு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை மாற்றி அமைத்த கதை

ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பையன்களுக்குக் கரையில் வேலை குறைவு. வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மிச்ச நேரத்தில் யார் வீட்டில் கேம் இருக்கிறதோ அங்கே கூடுவார்கள். எங்கள் தெருவில் அப்படிக் கூடும் வீடு தம்பியுடையது. சித்தி மகன். சவுதியிலிருந்து வந்த அவன் அண்ணன் ஒரு எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் வீட்டுக்காரனே விளையாடுவதில்லை. படகில் வின்ச் ரோப்புக்கும் டிரம்முக்கும் நடுவே சிக்கி அவன் வலது கை நசுங்கியது. கட்டை விரல் அசையும், மற்ற விரல்கள் மடங்காது, மணிக்கட்டும் திரும்பாது. முழங்கை வரை பலம் இருக்கிறது, பிடிக்கத்தான் முடியாது. இப்போது ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறான், இடது கையால்.

நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கன்ட்ரோலர்களும் அவ்வப்போது கைக்கு வரும். "ஒரு கையால ஆடுற மாதிரி இதுல ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று அவன் கேட்டதில் ஆரம்பித்த வேலை இது. வேறு யாருக்காவது உதவும் என்று, என்னென்ன செய்தோம், எது ஒத்துவந்தது, எது வரவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

பட்டன்களின் வேலையை மாற்றிக்கொள்ளும் வசதி இன்று எல்லாக் கன்சோலிலும் உண்டு. பிஎஸ்4-இல் 2015 மார்ச்சில் வந்த 2.50 அப்டேட்டிலேயே வந்துவிட்டது. நின்டெண்டோ ஸ்விட்சில் 2020 ஏப்ரலில் 10.0.0-உடன் வந்தது. எக்ஸ்பாக்ஸில் இதற்கென்றே Xbox Accessories என்று ஒரு ஆப் இருக்கிறது. விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். மாற்றம் சிஸ்டம் அளவில் நடப்பதால் கேமுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. உள்ளே A என்று ஒரு சைகை வந்தால் போதும், அது எந்தப் பட்டனிலிருந்து வருகிறது என்று கேம் பார்ப்பதில்லை. இதில் ஒரு நல்லதும் ஒரு தொல்லையும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் எந்த கேம் என்று முடிவு செய்தோம். ஒரே நேரத்தில் இரண்டு ஸ்டிக்கையும் ஆட்ட வேண்டிய துப்பாக்கி கேம்களை அப்போதைக்கு ஒதுக்கினோம். கார் கேமில் ஒரு ஸ்டிக் போதும். ஸ்டியரிங், ஆக்சிலேட்டர், பிரேக் மூன்றும் சரியாக அமைந்தால் மீதியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவனுக்கும் பிடித்தது ஃபோர்ஸா ஹொரைசன் 5 தான்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே ஸ்டிக், அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி நாலு திசை டி-பேட், நெற்றியில் LB, அதற்குப் பின்னால் இழுக்கும் விசையாக LT. இடது கைக்கு எட்டுவது இவ்வளவுதான். கேமில் இயல்பாக LT பிரேக், RT ஆக்சிலேட்டர். ஆக்சிலேட்டர் எட்டாத பக்கத்தில் இருக்கிறது. அதை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும், பிரேக்கும் கைவிட்டுப் போகக் கூடாது.

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. LT, RT இரண்டும் வெறும் பட்டன் அல்ல. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு என்று அளந்து சொல்லும். LB, A போன்றவற்றுக்கு அமுக்கினேன், விட்டேன் என்ற இரண்டே நிலை. இழுவிசையின் வேலையை ஒரு பட்டனுக்குக் கொடுத்தால் அது முழுசாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது, நடுவில் எதுவும் இல்லை. இடப்பக்கம் இழுவிசை ஒன்றே ஒன்று. அதை ஆக்சிலேட்டருக்குக் கொடுப்பதா பிரேக்குக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

ஆக்சிலேட்டருக்கே கொடுத்தோம். வளைவை விட்டு வெளியே வரும்போது முழு கேஸ் கொடுத்தால் பின் சக்கரம் வழுக்கி வண்டி சுற்றிவிடும். அங்கே கால்வாசி, அரைவாசி என்று கொடுக்கத் தெரிய வேண்டும். பிரேக் அப்படியல்ல. கேமின் அமைப்பில் ABS-ஐ ஆன் செய்து வைத்தால் முழுதாக அமுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, அதனால் பட்டன் பிரேக் தாங்கும். ABS இல்லாமல் பட்டன் பிரேக் வைத்தால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் வண்டி நேராகவே போய்ச் செடியில் இடிக்கும். இதை அவனுக்கு ஒரு தடவை ஆஃப் செய்து காட்டினேன், காரணம் புரிந்துவிட்டது.

Xbox Accessories ஆப்பில் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து அதன் அமைப்புக்குள் போனால், பட்டன் பட்டனாக மாற்றும் இடத்தோடு ஸ்டிக்குகளை இடம் மாற்றவும், இழுவிசைகளை இடம் மாற்றவும், அதிர்வை நிறுத்தவும் தனித்தனி வழிகள் இருக்கும். இழுவிசைகளை இடம் மாற்றினோம். இப்போது இடது விசை ஆக்சிலேட்டர். மாறிய பிறகும் அது அளந்துதான் கொடுக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து விசையைப் பாதி மட்டும் இழுங்கள். என்ஜின் வேகமுள் நடுவில் நின்றால் அளவு போகவில்லை, ஒரேயடியாக உச்சிக்குத் தாவினால் போய்விட்டது. நின்றது.

அடுத்து LB-க்குப் பிரேக் வேலை. விசைகளை இடம் மாற்றிய பின் பட்டியலில் LT என்று போட வேண்டுமா RT என்று போட வேண்டுமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்றைப் போட்டு, வண்டியை ஓட்டி, LB-ஐ அமுக்கிப் பாருங்கள். நின்றால் அதுதான்.

பிறகு மெனு. கேமுக்குள் மட்டுமல்ல, கன்சோலின் முகப்பிலும் எதைத் தேர்ந்தெடுக்கவும் A வேண்டும், திரும்பி வர B வேண்டும். இரண்டும் வலப்பக்கம். நல்ல வேளை, மெனுவில் நகர்வதற்கு டி-பேடுக்குப் பதில் இடது ஸ்டிக்கே போதும். ஆக டி-பேடின் நாலு பட்டனும் நமக்கு உபரி. நாலு திசைக்கும் A, B, X, Y என்ற நாலு எழுத்தைக் கொடுத்துவிட்டோம். கட்டை விரல் ஸ்டிக்கிலிருந்து இறங்கினால் முதலில் தொடுவது டி-பேடின் மேல் பட்டனும் இடது பட்டனும். அதனால் அடிக்கடி வேண்டியவை அங்கே போயின. முடிவாக அமைந்தது இதுதான்:

இடது விசை: ஆக்சிலேட்டர்
LB: பிரேக்
டி-பேட் மேல்: A
டி-பேட் இடது: B
டி-பேட் வலது: Y
டி-பேட் கீழ்: X

Y இந்த கேமில் நடந்ததைப் பின்னோக்கிச் சுற்றும் பட்டன். வண்டி மோதிய பிறகுதான் அது வேண்டும், அதனால் அவசரம் இல்லை. X ரேஸ் தொடங்கும் இடத்தில் நின்றபடி அமுக்குவது, அதற்கும் அவசரம் இல்லை. கியரை ஆட்டோமேட்டிக்கில் விட்டோம்.

டி-பேடின் பழைய வேலைகள் அப்படியே தொலைந்துபோகக் கூடாது என்பதால் மேல், கீழ், வலது மூன்றையும் வலப்பக்கத்து Y, A, B பட்டன்களில் ஏற்றினோம். LB-இன் பழைய வேலையான, மெனுவில் பக்கம் மாற்றுவதை வலப்பக்க X-க்குக் கொடுத்தோம். மெனுவில் நிற்கும்போது இடது கையையே வலப்பக்கம் நீட்டி அமுக்கிக்கொள்ளலாம், யாரும் துரத்தவில்லை. ஓடும்போது வேண்டியது எது, நிற்கும்போது வேண்டியது எது என்று பிரித்துக்கொண்டால் பாதிப் பட்டன்கள் வலப்பக்கத்திலேயே கிடக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கைக்குள் திணிக்கப் பார்ப்பதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அமைப்பு முடிந்தது, கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுக் கீழே வைத்துவிட்டான். "ஒரு வெரலு ரெண்டு வேல பாக்குதுண்ணே. பிரேக் புடிக்கணும்னா கேஸ விடணும். கையும் வலிக்குது."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரு கையாலும் பிடிப்பவர்கள் கவனிப்பதே இல்லை: கன்ட்ரோலரின் எடையைத் தாங்குவது நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும்தான். ஆட்டத்துக்கு மிஞ்சுவது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். ஒரு கையால் பிடிக்கும்போது முழு எடையும் அந்த மூன்று விரல்மேல் இறங்குகிறது. வலப்பக்கம் தாங்க ஆளில்லாமல் கன்ட்ரோலர் அந்தப் பக்கமே சாய்கிறது, அதைத் திருப்பிப் பிடிக்க மணிக்கட்டு ஓயாமல் முறுக்குகிறது. ஆள்காட்டி விரலோ LB-க்கும் LT-க்கும் நடுவே அலைகிறது. ஆப்பில் எத்தனை மாற்றினாலும் இது தீராது. கையிலிருந்து எடையை எடுத்தால்தான் தீரும். எடை போய்விட்டால் நடுவிரலுக்கு விடுதலை. நடுவிரல் LT-யில், ஆள்காட்டி விரல் LB-யில். கேஸுக்கு ஒரு விரல், பிரேக்குக்கு ஒரு விரல். அப்போதுதான் நாம் செய்த பட்டன் மாற்றத்துக்கே, அதாவது மேப்பிங்குக்கே அர்த்தம்.

அதனால் ஒரு பலகை. மடியில் இரு தொடைக்கும் குறுக்கே கிடக்கும் அகலத்தில், படகு வேலையில் மிஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்று. வலது முழங்கையை அதன் ஓரத்தில் ஊன்றினால் பலகை அசையாது, அந்தக் கைக்கும் ஒரு வேலை கிடைத்தது. கன்ட்ரோலரை உட்கார வைக்க வலை மிதப்பு. செவுள் வலையில் கட்டும் மெத்தென்ற ஃபோம் மிதப்பைக் கத்தியால் சீவலாம், உப்புத் தண்ணீருக்கே செய்தது என்பதால் வியர்வைக்கும் கெடாது. இரண்டு மிதப்பை நீளவாக்கில் அறுத்து, கன்ட்ரோலரின் வயிற்றுக்கு ஏற்பக் குடைந்து, செருப்பு ஒட்டும் பசையால் பலகையில் ஒட்டினேன். LB இருக்கும் பக்கம் உயரமாக, நம்மைப் பார்க்கும் பக்கம் தாழ்வாக. பின்பக்கம் இரண்டு ஏஏ பேட்டரி போடும் மூடி இருக்கிறது, மிதப்பைக் குடையும்போது அதற்கு இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி தீரும்போதெல்லாம் மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரும். விசைகளுக்குப் பின்னாலும் விரல் நுழையத் தாராளமாக இடம் வேண்டும். நடுவிரலின் முட்டி மிதப்பில் இடிக்கக் கூடாது. பசை போடும் முன் அவன் கையை வைத்தே அளந்துகொண்டேன்.

எங்கே வைப்பது, எந்தக் கோணத்தில் என்பதுதான் அதிக நேரம் எடுத்தது. பலகையின் நடுவில் வைத்தால் இடது முழங்கை விலாவை விட்டு விலகி, மணிக்கட்டு வெளிப்பக்கமாக ஒடியும். இடது தோளுக்கு நேராக நகர்த்தினோம். பிறகு கன்ட்ரோலரின் இடது கைப்பிடி அவன் முன்கையின் வரிசையிலேயே வரும்படி கொஞ்சம் திருப்பினோம். மேலிருந்து பார்த்தால் கோணலாகத்தான் தெரியும். ஸ்டிக்கும் சேர்ந்து திரும்பியிருக்கிறதே, வண்டி கோணலாகப் போகாதா என்று பக்கத்தில் இருந்த பையன்கள் கேட்டார்கள். போகாது. கையும் அதே அளவு திரும்பியிருப்பதால் கட்டை விரலின் இடது அப்படியே ஸ்டிக்கின் இடது. கையை நேராக வைத்துவிட்டு கன்ட்ரோலரை மட்டும் திருப்பினால்தான் குழப்பம். அப்போது மெனுவில் பக்கவாட்டில் தள்ளினால் தேர்வு மேலோ கீழோ தாவும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கட்டுவதற்கு சைக்கிள் டியூப்பை வாராக வெட்டி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். இதில் ஒரு சங்கடம் வந்தது. ஒரு நாள் வண்டி என்ன செய்தாலும் வேகம் எடுக்கவில்லை. கேஸ் முழுசாக இருக்கிறது, என்ஜின் கத்துகிறது, வண்டி மாட்டுவண்டி மாதிரி ஊர்கிறது. பேட்டரியா, கேமா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது. விசைகளை இடம் மாற்றியதால் இப்போது வலது விசைதான் பிரேக். வலப்பக்கத்து டியூப் வார் ஆட்ட வேகத்தில் மெல்ல நழுவி அந்த விசைமேல் ஏறி, நெல்லளவு இழுத்துப் பிடித்திருந்தது. வாரை வலது கைப்பிடியின் அடிப்பகுதிக்கு இறக்கி, நழுவாமல் இருக்க மிதப்பில் ஒரு பள்ளம் வெட்டினேன். அதோடு ஆப்பில் அதிர்வையும் நிறுத்தினேன். கையில் பிடித்திருக்கும்போது சுகமாக இருக்கும் அதிர்வு, பலகையில் கட்டிய பிறகு மொத்தப் பலகையையும் கடகடவென்று ஆட்டி, கட்டைத் தளர்த்துகிறது. டியூப் ரப்பர் இந்த வெயிலில் சீக்கிரம் பிசுபிசுத்துப்போவதால் பின்னால் வெல்க்ரோ பட்டைக்கு மாறிவிட்டோம்.

நடுவிரலுக்கு இன்னொரு பிரச்சினை. கார் கேமில் கேஸ் விசை எப்போதும் இழுத்தபடியே இருக்கும். நேர்சாலையில் நிமிடக்கணக்கில் கடைசி வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். இரு கைக்காரனுக்கு அது பெரிதல்ல, இங்கே அந்த ஒரு கைதான் எல்லாவற்றுக்கும். விசை இழுபடும் தூரத்தைக் குறைக்கும் தடுப்பு சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் கிடையாது. ஆனால் கேமின் கன்ட்ரோல் அமைப்புகளில், மேம்பட்ட பகுதிக்குள் Acceleration Axis Deadzone Outside என்று ஒன்று இருக்கிறது. அது 100 என்றால் விசையை முழுக்க இழுத்தால்தான் முழு கேஸ். 60 என்று வைத்தால் அறுபது சதவீதம் இழுத்ததுமே முழு கேஸ் என்று கேம் எடுத்துக்கொள்ளும், விரல் கடைசி வரை போக வேண்டாம். 60-இல் விரலுக்கு நிம்மதி, ஆனால் பூச்சியத்துக்கும் முழுசுக்கும் நடுவே இருந்த இடம் சுருங்கிவிட்டதால் அரை கேஸ் கொடுப்பது கஷ்டமானது, வளைவில் வண்டி சுற்றியது. ஏற்றி இறக்கி 70-க்கும் 75-க்கும் நடுவில் நின்றோம். இது ஆளுக்கு ஆள், கேமுக்கு கேம் மாறும். விரல் சோர்வதா வண்டி சுற்றுவதா, எது முதலில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே மாற்ற வேண்டியதுதான்.

இந்த கேமில் Auto-Steering என்ற உதவியும் இருக்கிறது. வண்டி தானே பாதை பார்த்துத் திரும்பிக்கொள்ளும். கையில் அசைவு மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம். தம்பியிடம் ஆன் செய்து காட்டியதும், "அது ஓட்டுனா நான் எதுக்கு, மீன் விக்கவா?" என்று அணைத்துவிட்டான். அவனுக்கு வேண்டாம், அவ்வளவுதான். ஆன்லைன் இல்லாமல் ஆடும்போது கேமின் வேகத்தையே குறைக்கும் வசதியும் இதில் உண்டு. பிரேக் விரலுக்கும் கேஸ் விரலுக்கும் பழக்கம் வரும் வரை அதைக் குறைத்துவைத்து ஓட்டினான், பிறகு முழு வேகத்துக்கு வந்துவிட்டான்.

முன்னே சொன்ன தொல்லை இதுதான். மேப்பிங் மாறியது கேமுக்குத் தெரியாது என்பதால் திரையில் A அமுக்கு என்றுதான் வரும், விரலோ டி-பேடின் மேல் பட்டனில் இருக்க வேண்டும். மனப்பாடம் வரும் வரை திண்டாட்டம். எக்ஸ்பாக்ஸில் A பச்சை, B சிவப்பு, X நீலம், Y மஞ்சள். திரையிலும் பெரும்பாலும் அதே நிறத்தில்தான் காட்டும். தங்கச்சியின் நகப்பூச்சில் அந்த நாலு நிறத்தையும் தேடி டி-பேடில் பொட்டு வைத்தோம். எழுத்தைப் படிப்பதைவிட நிறத்தைப் பார்ப்பது வேகம். உப்புக் காற்றும் விரல் தேய்ப்பும் சேர்ந்து பொட்டு அழிந்துவிடும், மறுபடி வைக்க வேண்டும். அதற்குள் பெரும்பாலும் விரலுக்கே பழகிவிடுகிறது.

இன்னொன்று, மாற்றிய கன்ட்ரோலரை மற்றவர்கள் எடுத்தால் அவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். தெருப் பையன்கள் அதைக் கழற்றி ஆடப் பார்த்து, கெட்டுப்போச்சு என்று கடைக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேப்பிங் அந்த ஒரு கன்ட்ரோலருக்கு மட்டுமே என்பதால் மற்றவர்களுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது. பலகையில் இருப்பதைப் பலகையிலேயே விட்டுவிடுங்கள்.

அந்த இரண்டாவது கன்ட்ரோலர் வேறொரு விதத்திலும் கைகொடுத்தது. ஓட்டம் கைவந்த பிறகு தம்பிக்கு ஹேண்ட்பிரேக் வேண்டும் என்றாயிற்று. அது A. A இப்போது டி-பேடில் இருப்பதால் அதை அமுக்கக் கட்டை விரல் ஸ்டியரிங்கை விட வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டுத் திரும்பும் அந்த நொடியில் ஸ்டியரிங்கை விட முடியாது. இடது ஸ்டிக்கையே கீழே அமுக்கினால் A என்று வைத்துப் பார்த்தோம். திருப்பும் வேகத்தில் தெரியாமல் அமுங்கிவிடுகிறது. வேண்டாம் என்று விட்டோம்.

எக்ஸ்பாக்ஸில் இரண்டு கன்ட்ரோலரை ஒன்றாகப் பாவிக்கும் வசதி இருக்கிறது. 2017-இல் Copilot என்ற பெயரில் வந்தது, பிறகு Controller assist என்று பெயர் மாறியது. இரண்டில் எதிலிருந்து அமுக்கினாலும் ஒரே ஆட்டக்காரன் அமுக்கியதாகக் கன்சோல் எடுத்துக்கொள்ளும். தம்பி பாயில் சம்மணம் போட்டு ஆடுபவன், அப்படி உட்கார்ந்தால் காலுக்கு வேலை கொடுக்க முடியாது. நாற்காலிக்கு மாறினான். இரண்டாவது கன்ட்ரோலரைத் தரையில் சாய்வாக வைத்து, வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, பெருவிரலால் A. முதலில் பெருவிரல் A-யோடு சேர்த்து B-யையும் X-ஐயும் அமுக்கியது. தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து சின்ன வட்டம் வெட்டி, இருபக்க டேப்பால் A-யின்மேல் ஒட்டி உயர்த்தியதும் அது நின்றது.

ஆனால் வண்டி எப்போதும் கொஞ்சம் இடப்பக்கமே இழுத்தது. தரையில் இருந்தது பழைய கன்ட்ரோலர், அதன் இடது ஸ்டிக் தேய்ந்து, யாரும் தொடாமலே நகர்ந்த நிலையில் இருந்தது. தனியாக ஆடும்போது கண்டுகொள்ளாமல் விட்டிருந்த கோளாறு, இரண்டும் ஒன்றான பிறகு நல்ல கன்ட்ரோலரின் ஸ்டியரிங்கையும் சேர்த்து இழுக்கிறது. சோதிப்பது எளிது. இரண்டையும் தொடாமல் விட்டுவிட்டு மெனுவைப் பாருங்கள், தேர்வு தானாக நகர்ந்தால் எதிலோ ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. ஒன்றை அணைத்துப் பார்த்தால் எது என்று தெரியும். கேமில் Steering Axis Deadzone Inside-ஐ ஏற்றினால் சின்ன இழுவை மறையும், ஆனால் அந்த அளவு ஸ்டியரிங்கின் நுணுக்கமும் சேர்ந்து போகும். ஏற்றிப் பார்த்ததில் நேர்சாலையில் சின்னத் திருத்தம் எதுவும் வண்டிக்கு எட்டவில்லை, பிறகு ஒரேயடியாகத் தாவியது. ஸ்டிக் மாட்யூலைக் கழற்றிப் புதிது சால்டர் செய்து அதைச் சரி செய்தேன். காலில் ஸ்டிக் வேண்டாம் என்றாலும் ஸ்டிக் நல்லதாக இருந்தாக வேண்டும்.

இதே வழியில் துப்பாக்கி கேமையும் தொட்டுப் பார்த்தோம். காலால் வலது ஸ்டிக்கை ஆட்டிக் குறிபார்ப்பது அவனுக்குச் சரிப்படவில்லை, மெதுவான சாகச கேம்களில் கேமராவைத் திருப்பும் அளவுக்குத்தான் கால் உதவுகிறது. கைக்குள் ஒரே ஒரு ஸ்டிக்தான் எட்டும் என்றால் எந்த மேப்பிங்கும் இரண்டாவது ஸ்டிக்கை உண்டாக்காது. அந்த மாதிரி தேவைக்கு 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க 3.5 மி.மீ. துளைகள், ஒவ்வொன்றிலும் தனித்தனி சுவிட்சை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இங்கே யாரிடமும் பார்த்ததில்லை, விலையும் அதிகம். அந்த வழிக்கு நாங்கள் போகவில்லை.

தொண்டியிலிருந்து ஒருவர், தனக்கு இடது கை வராது, இதையே மாற்றிச் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். வலக்கை மட்டும் உள்ளவர்களுக்கு வேலை இதைவிடக் குறைவு. ஆக்சிலேட்டர் ஏற்கெனவே வலது விசையில், A, B, X, Y நான்கும் வலப்பக்கத்திலேயே. விசைகளை மாற்ற வேண்டாம். ஸ்டிக்குகளை மட்டும் இடம் மாற்றினால் வலது ஸ்டிக் ஸ்டியரிங் ஆகிவிடும், மெனுவில் நகர்வதும் அதிலேயே. RB-க்குப் பிரேக் வேலை, RB-இன் பழைய வேலை டி-பேடில் ஏதாவது ஒரு பட்டனுக்கு. மிதப்பை வலது தோளுக்கு நேராக ஒட்ட வேண்டும். ஒரே வித்தியாசம், எக்ஸ்பாக்ஸில் வலது ஸ்டிக் இடது ஸ்டிக்கைவிடக் கீழே, உள்ளே தள்ளி இருக்கிறது. கட்டை விரல் அங்கே போகும்போது நடுவிரல் விசையிலிருந்து பின்வாங்கும். அதனால் கன்ட்ரோலரை இடக்கைக்குத் திருப்பியதைவிட இன்னும் கொஞ்சம் அதிகம் திருப்பி, விசைப் பக்கத்தை நன்றாக உயர்த்திக் கட்ட வேண்டும். அளவு எடுக்க அவரை நேரில் வரச் சொல்லியிருக்கிறேன், பசை போடும் முன் கையை வைத்துப் பார்த்தாக வேண்டும்.